குச்சுக்கும் பந்தலுக்கும் நடுவில்... அந்தப் பதினாறு நாள்கள்!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் முதல் போன் தாய்மாமனுக்குத்தான். அவர் பச்சைத் தென்னங்கீற்று வெட்டி வந்து, வீட்டை ஒட்டிக் குச்சு கட்டுவார். அத்தை, மாமிமார் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பெண்ணை அதற்குள் உட்கார வைப்பார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். காத்து கருப்பு அண்டாமல் இருக்க வாசலில் உலக்கையைக் குறுக்கே போடுவார்கள்.

ஒன்பது, பதினொன்று, பதினாறு என்று குடும்ப வழக்கப்படி நாள் கணக்கு மாறும். அந்த நாள்களில் அவள் சிறுமியும் இல்லை, பெரிய மனுஷியும் இல்லை. உலகம் முழுக்க இப்படிப்பட்ட சடங்குகளைப் படித்த அர்னால்டு வான் ஜென்னெப், 1909-ல் அவற்றை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பிரிப்பது, இடையில் நிறுத்துவது, மறுபடி சேர்ப்பது. நம் ஊர்க் குச்சு அந்த நடுக்கட்டம். கடைசி நாள் குச்சைப் பிரித்து எரித்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, மாமன் சீர் சேலை கட்டி மணையில் உட்கார வைப்பதுதான் சேர்ப்பது.

நடுவில் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு கறுப்பு உளுந்தில் கிண்டிய கருப்பட்டிக் களி. (முட்டையை அவித்தே கொடுக்கலாம். பச்சையாகக் குடித்தால் கிருமித்தொற்று வரலாம்.)

இப்போது பல வீடுகளில் குச்சு ஓர் அடையாளம்தான். நாலு கீற்றைச் சாத்தி வைத்துவிட்டு, பிள்ளையை உள் அறையில் படுக்க வைக்கிறார்கள். விழா மட்டும் தள்ளிப்போகிறது. முழுப்பரீட்சை முடியணும், வெளிநாட்டில் இருக்கும் மாமனுக்கு லீவு கிடைக்கணும், மக்காச்சோளம் விற்றுக் காசு வரணும். பந்தல் போடும்போது பிள்ளைக்கு நாலைந்து மாதவிடாய் முடிந்திருக்கும்!

உடம்புக்கு இந்த நாள் கணக்கு தெரியாது. முதல் மாதவிடாய் பொதுவாக இரண்டிலிருந்து ஏழு நாளில் நின்றுவிடும். அடுத்தது சரியாக ஒரு மாதத்தில் வரும் என்றில்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே ஆவது சகஜம். ஏழு நாளைத் தாண்டியும் நிற்காவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பிள்ளைக்குத் தலை சுற்றினால், பதினாறு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் போகணும்.

குச்சு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை அருகே இப்படித் தனியாகக் குடிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். அவளுக்கு அது முதல் மாதவிடாய்.

விழாப் பந்தலில் மொய் நோட்டு ஒரு பக்கம் ஓடும். இன்னொரு பக்கம், "எப்ப கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்ற கேள்வி வரும். மைக்கில் மாமன் சீரைப் படிக்கும் குரலில் அது பெரும்பாலும் அவள் காதில் விழாது. சட்டப்படி அதற்குப் 18 வயது ஆகணும். அதற்கு முன்பே பேச்சு முடிவானதாகத் தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரர்கூட 1098-க்கு அழைக்கலாம். அவளே அழைக்கலாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது. மருதாணி சிவந்த கையோடு அவள் பஸ் ஏறணும்.