ஜூலை 10 காலையில் எத்தனை மாத்திரை?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் ஸ்டீராய்டைப் பற்றி பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "ப்ரெட்னிசலோன் 40 மி.கி., தினம் காலை, ஒரு வாரம். பிறகு வாரத்துக்கு 5 மி.கி. குறைத்து நிறுத்தவும்." எழுதிய மருத்துவருக்கு எட்டு வாரத் திட்டம் முழுவதும் அந்த வரிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போகிற மகளுக்கு ஜூலை 10-ஆம் தேதி காலையில் எத்தனை மாத்திரை என்பது அந்த வரியைப் பார்த்ததும் தெரியாது. விரல்விட்டு எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டை அடுப்பில் வைத்துக்கொண்டே எண்ணினால் ஒரு வாரம் தவறுவது சுலபம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 55 வயதுப் பெண்மணி. பெருங்குடலில் புண் உண்டாகும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' நோயால் ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. சர்க்கரை நோயும் உண்டு. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து, மேலே சொன்ன சீட்டோடு ஜூன் 2, திங்கட்கிழமை வீடு திரும்புகிறார். இந்த நோய்க்கு 40 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 மி.கி. குறைப்பது வழக்கமான முறைதான். ஆனாலும் காலண்டர் போட உட்காருவதற்கு முன் மருத்துவரிடமோ வார்டு நர்ஸிடமோ கேட்டுத் தெளிய வேண்டியது ஒன்று உண்டு.

"அம்மாவுக்கு இன்னைக்குக் காலையில வார்டுலயே மாத்திரை குடுத்துட்டாங்க டாக்டர். இன்னைக்கு முதல் நாளா, நாளைக்கா?"

"இன்னைக்கே முதல் நாள்மா. அடுத்த திங்கள் 35-க்கு இறங்கிடுங்க. இருபத்திமூணாம் தேதி என்கிட்ட காட்டுங்க."

இந்த இரண்டு வாக்கியம் கிடைத்ததும் தேதிகள் தாமாக அமைந்துவிடும். ஜூன் 2 முதல் 8 வரை 40, 9 முதல் 15 வரை 35, 16 முதல் 22 வரை 30, 23 முதல் 29 வரை 25, ஜூன் 30 முதல் ஜூலை 6 வரை 20, ஜூலை 7 முதல் 13 வரை 15, 14 முதல் 20 வரை 10, 21 முதல் 27 வரை 5. ஒவ்வொரு படியும் திங்களன்று மாறுகிறது. கேட்காமல் விட்டிருந்தால் ஒருவர் திங்களிலும் இன்னொருவர் செவ்வாயிலும் படி மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது மாத்திரைக் கணக்கு. நம் மெடிக்கல் ஷாப்புகளில் ப்ரெட்னிசலோன் 5, 10, 20, 40 மி.கி. எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. இந்தத் திட்டத்துக்கு 10, 5 இரண்டும் போதும். எட்டு வாரத்துக்கும் சேர்த்து 10 மி.கி. மாத்திரை 112, 5 மி.கி. மாத்திரை 28 வேண்டும். காலண்டர் கட்டத்தில் "4 மாத்திரை" என்று மட்டும் எழுதுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. பாதியில் மாத்திரை தீர்ந்து, கடையில் 10 இல்லாமல் 20 கொடுத்துவிட்டால், அதே நான்கு மாத்திரை 80 மி.கி. ஆகிவிடும். "40 மி.கி." என்று மட்டும் எழுதினாலும் காலை அவசரத்தில் யாராவது கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டையும் எழுதுங்கள். ஜூன் 9-ஆம் தேதிக் கட்டம் இப்படி இருக்கட்டும்: "திங்கள். 35 மி.கி. பத்து மி.கி. மாத்திரை 3, ஐந்து மி.கி. மாத்திரை 1. டிபனுக்குப் பிறகு. போட்டாச்சு ☐". புது அட்டை வாங்கும்போதெல்லாம் அதன் பின்புறம் அச்சிட்டிருக்கும் பெயரையும் மி.கி.யையும் காலண்டரோடு ஒத்துப் பாருங்கள். பெயரும் முக்கியம். மெத்தில்ப்ரெட்னிசலோன் வேறு மருந்து. அதில் 4 மி.கி. என்பது ப்ரெட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமம்.

கட்டத்தில் அந்த டிக் குறி எதற்கு? மாத்திரை போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் எட்டு வாரத்தில் ஒரு நாளாவது வரும். டிக் இருந்தால் இரண்டாம் முறை போட மாட்டோம். காலையில் மறந்து மதியம் நினைவு வந்தால் அன்றே போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய அளவை மட்டும் போட வேண்டும். விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாக்கக் கூடாது. விட்ட நாளை வட்டமிட்டு வைத்தால் மருத்துவருக்கு உதவும்.

இவ்வளவும் கணக்கு. காலண்டர் நிஜமாகவே உயிர்காக்கும் பொருளாவது அதன் இன்னொரு பகுதியில்தான்: எந்த வாரத்தில் எந்த அறிகுறியைக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்பதில். பல இடங்களில் பக்கவிளைவுகள் அனைத்தையும் நீளமாக அச்சிட்ட ஒரே தாளைக் கொடுக்கிறார்கள். அது எட்டு வாரமும் மாறாமல் தொங்கும். இரண்டாம் நாளே கண்ணுக்குப் பழகிப்போகும். ஆபத்து அப்படி ஒரே மாதிரி இருப்பதில்லை. 40 மி.கி.யில் பயப்பட வேண்டியது வேறு, 5 மி.கி.யில் பயப்பட வேண்டியது வேறு.

காரணம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள். அவை தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. காய்ச்சல், அடி, அறுவை சிகிச்சை என்று உடலுக்கு நெருக்கடி வரும்போது ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது அதுதான். மாத்திரையாக ஸ்டீராய்டு வெளியிலிருந்து வரும்போது, போதுமான அளவு இருக்கிறது என்று மூளை சுரப்பிக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துக்கொள்கிறது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் சுரப்பி சுருங்கி, வேலை செய்யும் பழக்கத்தை இழந்துவிடலாம். ஓர் ஆரோக்கியமான உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் ஏறத்தாழ 5 மி.கி. ப்ரெட்னிசலோனுக்குச் சமம். ஆகவே 40-லிருந்து 20 வரை இறங்கும்போது உடலில் ஸ்டீராய்டு தேவைக்கு மேலேயே இருக்கிறது. 10-க்குக் கீழே, அதிலும் 5-லிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போதுதான் சொந்தச் சுரப்பி விழித்துக்கொண்டதா என்பது தெரியும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு மருத்துவர்கள் கடைசிப் படிகளை 2.5 மி.கி., 1 மி.கி. என்று சின்னதாக்குவது இதனால்தான்.

எனவே நம் காலண்டரின் முதல் மூன்று வாரங்களில் அளவு அதிகம் என்பதால் வரும் தொல்லைகளை எழுதுவோம்: தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் அல்லது குழப்பமான பேச்சு, காய்ச்சல், கருப்பாக மலம் போவது, கடுமையான வயிற்றுவலி. கடைசி மூன்றுக்கும் அன்றே போன் செய்ய வேண்டும். அவற்றைச் சிவப்பில் எழுதுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் அமுக்கிக் காட்டும் என்பதால் லேசாகத் தெரிந்தாலும் அலட்சியம் கூடாது. நாலாவது வாரம் முதல் கேள்வி மாறுகிறது: நோய் திரும்புகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம், ரத்தம் உண்டா, இரவில் எழுந்து போக வேண்டியிருக்கிறதா என்று மூன்றே கேள்வி. கட்டத்தில் "5, ரத்தம் இல்லை" என்று எழுதினால் போதும். இரண்டிலிருந்து ஐந்தாக ஏறியது எந்தத் தேதியில், அப்போது எத்தனை மி.கி. என்பது மருத்துவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஜூலை 14-க்குப் பிறகு மூன்றாவது கேள்வியும் சேர்கிறது: சுரப்பி வேலை செய்கிறதா? அடங்காத அசதி, சாப்பாடு பிடிக்காமை, குமட்டல், எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு, எடை குறைவு ஆகியவைதான் அடையாளங்கள். "வயசாச்சு, வெயில் வேற" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் அறிகுறிகள் இவை. காலண்டரில் எழுதியிருந்தால்தான் யாருக்காவது உறைக்கும். விடாத வாந்தி, மயக்கம், பேச்சில் தெளிவின்மை என்றால் போனுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "இவர் ஸ்டீராய்டு எடுத்து வருகிறார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அங்கே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படலாம். இந்த வரிசை ஜூலை 27-உடன் முடியக் கூடாது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 24 வரை இன்னும் நான்கு வாரத்துக்கு "0 மி.கி." என்று எழுதி, அறிகுறிக் கட்டத்தை மட்டும் திறந்து வையுங்கள்.

சர்க்கரைக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். காலையில் போடும் ப்ரெட்னிசலோன் மதியத்திலிருந்து இரவு வரை சர்க்கரையை ஏற்றும். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் நல்ல எண்ணே காட்டக்கூடும். அதனால் மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ இரவு உணவுக்கு முன்போ பார்த்து எழுத வேண்டும். இதைவிட அதிகம் மறக்கப்படுவது மறுபக்கம். ஸ்டீராய்டுக்காக இன்சுலினைக் கூட்டியிருந்தால், ஸ்டீராய்டு இறங்க இறங்க இன்சுலினும் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரும். படி மாறும் ஒவ்வொரு திங்களிலும் "இன்சுலின் அளவு கேட்டாச்சா?" என்று எழுதிவையுங்கள்.

ஜூன் 23-இல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் அல்லவா? அதுவரை பேனாவிலும் அதற்குப் பிறகு பென்சிலிலும் எழுதுவது நல்லது, ஏனென்றால் திட்டம் மாறும். ஜூலை 10-இல், 15 மி.கி. வாரத்தில், ரத்தம் மறுபடி வந்ததாக வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஜூலை 11 முதல் இரண்டு வாரத்துக்கு 20-க்கு ஏற்றுகிறார். 25-ஆம் தேதி 15. பழைய காலண்டரில் அதே ஜூலை 25-க்கு 5 மி.கி. என்று இருக்கும்! இரண்டு தாளும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தால் எதைப் பார்த்துக் கொடுப்பார்கள்? பழையதன் மேல் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டு ஃபைலில் வையுங்கள். புதியதன் தலையில் எழுதிய தேதியையும் யார் சொல்லி மாற்றியது என்பதையும் குறியுங்கள். அளவை ஏற்றுவதும் இறக்குவதும் மருத்துவர் முடிவு. காலண்டர் அந்த முடிவை வீட்டில் பிசகாமல் நடத்துவதற்கு மட்டுமே.

குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் சில வாரம் தினமும் கொடுத்துவிட்டு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள். "ஒற்றைப்படைத் தேதியில் கொடுப்பேன்" என்று நினைவு வைத்துக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. ஜூலை 31-ம் ஒற்றைப்படை, மறுநாள் ஆகஸ்ட் 1-ம் ஒற்றைப்படை. அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுத்துவிடுவார்கள். தேதியைப் பார்த்துக் கொடுக்காமல், முதலிலேயே கட்டங்களில் மாற்றி மாற்றி "உண்டு", "இல்லை" என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

மருந்து முடிந்த பிறகும் இந்தக் காலண்டருக்கு வேலை இருக்கிறது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் கொடுத்தார்கள். அதற்காக 1950-இல் நோபல் பரிசும் வந்தது. 1952-இலேயே, கார்ட்டிசோன் எடுத்துவந்த ஒருவர் அதை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போய், அதிர்ச்சி நிலையிலிருந்து மீளாமல் இறந்ததை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அவரது அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிப்போயிருந்தன. நீண்ட நாள் எடுத்தவர்களுக்குச் சுரப்பி முழுதாக மீள ஆறு மாதம், ஓராண்டு ஆகலாம். அந்த இடைவெளியில் பல் பிடுங்கவோ, அறுவை சிகிச்சைக்கோ, கடும் காய்ச்சலுக்கோ வேறு மருத்துவரிடம் போனால், முடிந்துபோன காலண்டரையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.