சும்மா படுத்திருக்க எத்தனை கலோரி?

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் எலினோர் மேசன் என்ற ஆசிரியை, இளம்பெண்களைக் காலையில் வெறும் வயிற்றோடு படுக்கவைத்து, அவர்களுடைய மூச்சை அளந்துகொண்டிருந்தார். பாஸ்டன் நகரில் ஊட்டச்சத்து ஆய்வகம் ஒன்றின் இயக்குநராக இருந்த பிரான்சிஸ் பெனடிக்ட் இந்த வேலையில் அவருக்குக் கூட்டாளி. அதே வயது, உயரம், எடை உள்ள அமெரிக்கப் பெண்ணுக்குக் கணக்கிட்ட செலவைவிடத் தென்னிந்தியப் பெண்ணின் உடல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாகவே எரிசக்தியைச் செலவழிக்கிறது என்று இருவரும் கண்டார்கள். ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

அவர்கள் அளந்தது அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம். மருத்துவர்கள் சுருக்கமாக பி.எம்.ஆர். என்பார்கள். கை கால் அசைக்காமல், சாப்பிட்டு 12 மணி நேரம் ஆன பிறகு, குளிரோ புழுக்கமோ படுத்தாத அறையில், விழித்தபடி அமைதியாகப் படுத்திருப்பவரின் உடல் உயிரோடு இருப்பதற்கு மட்டும் செலவிடும் சக்தி அது. விழித்தபடி என்பது முக்கியம். தூங்கிவிட்டால் செலவு சுமார் 10 சதவீதம் குறைந்துவிடும். இதையும் மேசனும் பெனடிக்டும் தென்னிந்தியப் பெண்களிடமே அளந்து 1934-இல் எழுதினார்கள்.

செலவான சக்தி கடைசியில் சூடாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே சூட்டையே நேராக அளந்துவிடலாம். 1780-களின் தொடக்கத்தில் பாரிஸில் லவாசியேயும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, உருகி வழிந்த நீரை எடைபோட்டார்கள். நேரடி முறை என்பது இதுதான். மனிதனுக்கு இதைச் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆட்வாட்டர். 1890-களில் அவர் கட்டிய சிற்றறையில் ஆட்கள் நாள்கணக்கில் தங்கி உண்டு உறங்கினார்கள். சுவரையொட்டிய குழாய்களில் ஓடிய குளிர்ந்த நீர் அவர்களின் சூட்டை வாங்கிக்கொண்டது. வியர்வையும் மூச்சின் ஈரமும் ஆவியாக எடுத்துச்சென்ற சூட்டையும், கிராமுக்கு 0.58 கலோரி என்று, தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். (இங்கே கலோரி என்பது உணவுப் பொட்டலங்களில் வழங்கும் அதே அளவு, அதாவது கிலோ கலோரி.)

அறை கட்டுவது மட்டும் சிரமம் இல்லை. 60 கிலோ ஆளின் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 50 கலோரி வெளியே வராமல் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் சில நிமிட அளவீட்டுக்கு நேரடி முறை லாயக்கில்லை. ஆனாலும் ஆட்வாட்டரின் அறை ஒரு பெரிய காரியம் செய்தது. அளந்த சூடும், அதே ஆள் உள்ளிழுத்த ஆக்சிஜனை வைத்துக் கணக்கிட்ட சூடும் அநேகமாக ஒன்றாகவே வந்தன. அதன்பிறகு மூச்சை மட்டும் அளந்தால் போதும் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. மறைமுக முறை என்று இதற்குப் பெயர்.

மாவுச்சத்தோ கொழுப்போ எது எரிந்தாலும் ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு வெளிப்படும் சூடு பெரிதாக மாறுவதில்லை. மாவுச்சத்து மட்டுமே எரிந்தால் சுமார் 5.05 கலோரி, கொழுப்பு மட்டுமே என்றால் சுமார் 4.69. வெறும் வயிற்றில் இரண்டும் கலந்து எரியும்போது 4.825 என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் காலக் கருவியில் தண்ணீரில் மிதக்கும் உலோக மணி ஒன்று இருக்கும், அதனுள் ஆக்சிஜன். மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு, வாய்க்குழாய் வழியே அதையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டும். வெளிவிடும் கரியமில வாயுவை வழியிலேயே சோடாச் சுண்ணம் உறிஞ்சிக்கொள்வதால், ஆக்சிஜன் குறையக் குறைய மணி இறங்கும். சுழலும் காகிதத்தில் பேனா அந்தச் சரிவைக் கோடாக வரையும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வயது 20, உயரம் 152 செ.மீ., எடை 45 கிலோ உள்ள பெண். எட்டு நிமிடத்தில் மணி 1,410 மில்லி லிட்டர் இறங்குகிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையின் 30 டிகிரி வெயிலில் வாயு விரிந்திருக்கும், நீராவியும் கலந்திருக்கும். பூஜ்ய டிகிரியில், உலர்ந்த நிலையில் அது 1,217 மில்லி லிட்டர்தான்; நிமிடத்துக்கு 152. இதை 4.825-ஆல் பெருக்கி, ஒரு நாளின் 1,440 நிமிடங்களுக்குக் கணக்கிட்டால் சுமார் 1,056 கலோரி. அமெரிக்கர்களின் அளவீடுகளிலிருந்து 1919-இல் ஹாரிஸும் பெனடிக்டும் அமைத்த சூத்திரம் இதே பெண்ணுக்குச் சொல்வது 1,273. வித்தியாசம் 17 சதவீதம். வெப்பத் திருத்தத்தை மறந்திருந்தால் அளவு 16 சதவீதம் கூடிக் காட்டி, வித்தியாசம் அநேகமாகக் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்!

கருவி பொய் சொல்ல வேறு வழிகளும் உண்டு. குழாயில் கசிவு இருந்தால் மணி வேகமாக இறங்கி, செலவு அதிகம்போலத் தோன்றும். பாதி நேரம் ஆனதும் மணியின் மேல் ஒரு சிறு எடையை வைப்பார்கள்; கோட்டின் சரிவு அதற்குப் பிறகு செங்குத்தானால் கசிவு இருக்கிறது என்று பொருள். படுத்திருப்பவரின் பதற்றமும் அளவை ஏற்றிவிடும். அதனால் முதல்நாள் அளவை நம்பாமல் கருவி பழகும்வரை காத்திருப்பார்கள்.

சரி, அந்த 17 சதவீதத்துக்கு என்ன காரணம்? இனம் என்று அன்று பலர் நினைத்தார்கள். வெப்ப நாட்டு வாசம், புரதம் குறைந்த உணவு, தளர்வாகப் படுக்கும் பழக்கம் என்றெல்லாம் பேசினார்கள். பிற்பாடு பெங்களூரின் ஆய்வாளர்களும் மற்றவர்களும் உடலில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத பகுதி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார்கள். இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்டு 1998-இல் வெளியான ஆய்வு, அப்படிப் பிரித்துக் கணக்கிட்டால் இன வேறுபாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றது. ஒரே எடையில் நம்மிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம், பெரும்பகுதி அவ்வளவுதான்.

ஒரு கிலோ கொழுப்பு நாளொன்றுக்கு சுமார் 4.5 கலோரி கேட்கிறது. ஓய்வில் இருக்கும் தசை 13. கல்லீரல் 200, மூளை 240, இதயமும் சிறுநீரகமும் 440. உடல் எடையில் சுமார் ஆறு சதவீதமே இருக்கும் இந்த உறுப்புகள் ஓய்வுநேரச் செலவில் பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்கின்றன. ஜிம்முக்குப் போய் இரண்டு கிலோ தசை ஏற்றினால் படுத்தபடியே கலோரி கரைந்துவிடும் என்று சொல்கிறார்களே, அந்தக் கரைசல் நாளுக்கு 26 கலோரிதான். தசையை உழைக்கவிடும்போதுதான் செலவு பல மடங்காகிறது.

ஒரே உடலில் செலவை அதிகம் ஆட்டிவைப்பது தைராய்டு. அது அளவுக்கு மீறிச் சுரந்தால் பி.எம்.ஆர். ஒன்றரை மடங்கையும் தாண்டலாம். வற்றினால் 30, 40 சதவீதம் இறங்கலாம். ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் வழி வரும்வரை தைராய்டு நோயைக் கண்டுபிடிக்க மருத்துவமனைகள் இந்த மூச்சுக் கருவியைத்தான் நம்பியிருந்தன. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் செலவு சுமார் 13 சதவீதம் கூடும். சாப்பிட்டதைச் செரித்துச் சேமிக்கவே, உண்ட கலோரியில் பத்தில் ஒரு பங்கு போகும். பட்டினி கிடந்தால் நேர்மாறு. எடை குறைவது ஒருபுறம் இருக்க, உடல் அதற்கும் மேலே செலவைச் சுருக்கிக்கொள்கிறது. கடும் டயட்டில் முதல் மாதம் இறங்கிய எடை பிறகு இறங்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று ஜிம்மில் எடை பார்க்கும் இயந்திரமும் கைக்கடிகாரமும் காட்டும் பி.எம்.ஆர். யாருடைய மூச்சையும் அளந்து வந்ததல்ல. வயது, பால், உயரம், எடையை ஒரு சூத்திரத்தில் போட்டு வந்த மதிப்பீடு. அந்தச் சூத்திரங்களில் பல மேலைநாட்டு உடல்களை அளந்து எழுதப்பட்டவை. மேசன் அளந்த பெண்களைப் போன்ற உடல்வாகுள்ள ஒருவர், காட்டும் 1,273-ஐ நம்பி அதற்கேற்பச் சாப்பிட்டால், தினமும் இருநூறு கலோரிக்கு மேல் கூடுதலாகத்தான் உள்ளே போகும்.