நிலைக்குறிப்பும் புதிய உரையாடலும்

லுக்குட் தோட்டப்புறத்து ஆசிரியர் ஒருவர், சாட்ஜிபிடி செயலியில் Custom instructions எனப்படும் நிலைக்குறிப்புப் பகுதியில், ‘நான்காம் ஆண்டு மாணவருக்கு ஏற்ப ஐந்து வரிக்குள் விடை தருக, ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றும் எண்ணெய்ப்பனையைச் செம்பனை என்றும் எழுதுக’ என ஒருமுறை எழுதிவைப்பதாகக் கொள்வோம். அதனால் செயலி அவ்வழக்கைக் கற்றுக்கொண்டது என நாம் எண்ணுதல் பொருந்தாது. ஒவ்வொரு புதிய உரையாடலிலும் அக்குறிப்பு நம் வினாவுக்கு முன்னால், திரையில் தோன்றாமலே, சேர்க்கப்படுகிறது. செயலி அதனைப் புதிதாகவே படிக்கிறது. ஆகவே, பெற்றோருக்குரிய கடிதத்தைக் கேட்டாலும் ஐந்து வரியே வரக்கூடும். குறிப்பை நிறுத்திவிட்டுப் புதிய உரையாடலில் அதே வினாவைக் கேட்டால் காரணம் விளங்கும். எங்கும் பொருந்தும் சொல்வழக்கை நிலைக்குறிப்பிலும், பணிக்குப் பணி மாறும் நீளத்தை வினாவிலும் எழுதுவதே முறையாகும்.