அது மூன்றா, எட்டா?

பி.காம். படிக்கும் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஏதோ ஒரு நிறுவனத்தின் இருப்பு நிலைக் குறிப்பு. தாள் மடிப்பின் நிழல் விழுந்து, சற்றே சாய்ந்திருந்தது. "நடப்பு விகிதமும் புற அகப் பொறுப்பு விகிதமும் கண்டுபிடிக்கணும் மாமா. கடனாளிகள் 53ஆ, 58ஆன்னே தெரியல."

தொகை லட்சத்திலா, கோடியிலா என்று சொல்லும் மேல் வரி படத்தில் விழவில்லை. அது பரவாயில்லை, எல்லாம் ஒரே அளவில் இருந்தால் விகிதம் மாறாது. ஆனால் 3க்கும் 8க்கும் உள்ள குழப்பம் விடையையே மாற்றிவிடும். அதனால் வகுப்பதற்கு முன் கூட்டிப் பார்க்கச் சொன்னேன்.

சரக்கிருப்பு 60, ரொக்கம் 17. நடப்புச் சொத்துகளின் மொத்தம் 135 என்று தெளிவாகவே அச்சாகியிருந்தது. அப்படியானால் கடனாளிகள் 58தான். நிலைச் சொத்துகள் 165ஐச் சேர்த்தால் 300; எதிர்ப்பக்க மொத்தமும் 300. மங்கியது ஒரே எண் என்றால் தாளே அதைச் சொல்லிவிடும். ஒரே கூட்டலில் இரண்டு எண்கள் மங்கியிருந்தால் வேறு படம் கேட்பதைத் தவிர வழியில்லை.

இந்தக் கூட்டல் பிடிக்காத தவறு ஒன்று உண்டு. நம் நிறுவனங்களின் தாளில் இந்த ஆண்டும் போன ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கண் வழுக்கிப் போன ஆண்டின் எண்களையே முழுக்க எடுத்துவிட்டாலும் கூட்டல் சரியாகத்தான் வரும், அந்த ஆண்டின் தாளும் சமன்பட்டதுதானே! ஆகவே முதலில் தேதியைப் பார்த்து, அதன் கீழ் விரலை வைத்துக்கொள்ள வேண்டும். நடுவே வரும் குறிப்பு எண்களையும் தொகை என்று எண்ணிவிடக் கூடாது.

நடப்புப் பொறுப்புகளில் குறுகிய காலக் கடன் 38, கடனீந்தோர் 42, மற்றவை 10, மொத்தம் 90. 135ஐ 90ஆல் வகுத்தால் நடப்பு விகிதம் 1.5. அதாவது ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒன்றரை ரூபாய்ச் சொத்து இருக்கிறது. அதில் சரக்கு எவ்வளவு சீக்கிரம் விற்கும் என்பதை இந்த எண் சொல்லாது.

அடுத்த விகிதத்தில்தான் சிக்கல். பங்கு முதல் 50, காப்பும் மிகுதியும் 70. பங்குதாரர் நிதி 120. நீண்ட காலக் கடன் 90. பாடப்புத்தக முறைப்படி 90ஐ 120ஆல் வகுத்தால் 0.75. ஆனால் கடன் கொடுக்கப்போகிறவர் அந்தக் குறுகிய காலக் கடன் 38ஐயும் சேர்த்தே பார்ப்பார்: 128ஐ 120ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.07. ஒரே தாள்தான், ஒரு கணக்கில் கடன் சொந்தப் பணத்தைவிடக் குறைவு, இன்னொன்றில் அதிகம். நீண்ட காலக் கடனில் ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய தவணையும் 2021 ஏப்ரல் முதல் குறுகிய காலக் கடன் தலைப்பில்தான் காட்டப்படுகிறது. அந்த 38க்குள் அதுவும் இருக்கலாம்.

"அப்போ எதை எழுத?" என்றாள். தேர்வுக்கு 0.75, பக்கத்திலேயே, எடுத்தது நீண்ட காலக் கடன் மட்டும் என்று ஒரு வரி.