'கிளிக்' என்று நின்றுபோகும் கம்ப்ரசர்: கோளாறு எங்கே?

ஃபிரிட்ஜின் பின்புறம் அடியில் இருக்கும் கம்ப்ரசர் சில நொடிகள் உறுமிவிட்டு, 'கிளிக்' என்ற சத்தத்துடன் நின்றுபோகிறது. சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் அதே உறுமல், அதே 'கிளிக்'. உள்ளே விளக்கு எரியும். குளிர்ச்சி மட்டும் இருக்காது. கம்ப்ரசரே போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். ஆனால், கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஸ்டார்ட் ரிலே என்ற சிறிய, விலை குறைந்த பாகம் கெட்டாலும் இதே சத்தம்தான் வரும்.

கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டாரில் இரண்டு வைண்டிங்குகள் உண்டு. தொடர்ந்து ஓட வைப்பது ரன் வைண்டிங். நின்றிருக்கும் மோட்டாரைச் சுழலத் தொடங்கச் செய்வது ஸ்டார்ட் வைண்டிங். ஸ்டார்ட் வைண்டிங்குக்குத் தொடக்கத்தில் மட்டும் முழு மின்சாரத்தை விடுவது ரிலேயின் வேலை. இன்றைய சாதாரண ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது பிடிசி ரிலே. அதனுள்ளே நாணயம் போன்ற ஒரு பீங்கான் வில்லை இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அது மின்சாரத்தை எளிதில் விடும். ஓரிரு நொடியில் சூடேறியதும் அதன் மின்தடை பல மடங்கு உயர்ந்து, மின்சாரம் ஏறக்குறைய நின்றுவிடும்.

வில்லை உடைந்துவிட்டால் ஸ்டார்ட் வைண்டிங்குக்கு மின்சாரமே போகாது. மோட்டார் சுழலாமல் உறுமும். வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தச் சூட்டில் ஓவர்லோடுக்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. 'கிளிக்' சத்தம் வருவது அதிலிருந்துதான். தகடு ஆறியதும் இணைப்பு தானாகச் சேர்ந்து, அடுத்த முயற்சி தொடங்கும். ஆக, 'கிளிக்' கேட்கிறது என்றால் ஓவர்லோடு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். மோட்டார் ஏன் சுழலவில்லை என்பதையே தேட வேண்டும்.

சோதனைக்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கெப்பாசிட்டர் இருந்தால் அதில் தங்கிய மின்சாரத்தையும் வெளியேற்ற வேண்டும். ஃபிரிட்ஜைக் கால் மணி நேரமாவது ஆறவிட்ட பிறகு, கம்ப்ரசரின் பக்கத்து மூடியைக் கழற்றி, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு, ரிலேயையும் ஓவர்லோடையும் நேராக இழுத்தால் வந்துவிடும்.

முதலில் ரிலேயைக் காதருகே குலுக்கிப் பார்க்கலாம். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் வில்லை உடைந்திருக்கிறது. சத்தம் இல்லாவிட்டால், கம்ப்ரசர் பின்கள் நுழையும் இரு துளைகளுக்கிடையே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அளக்க வேண்டும். நல்ல ரிலே பொதுவாகச் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். அளவே காட்டாவிட்டால் அது கெட்டுவிட்டது. ஓவர்லோடின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். நன்றாக ஆறிய பிறகும் இணைப்பு இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து, கம்ப்ரசரின் மூன்று பின்களையும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்கும். எந்தப் பின்னுக்கும் கம்ப்ரசரின் உலோக உடலுக்கும் இடையே இணைப்பு இருக்கக் கூடாது. உடலைத் தொடுமிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, ஒரு சிங்கிள் டோர் ஃபிரிட்ஜில் ரிலே குலுக்கினால் சத்தம் தருகிறது. மீட்டரிலும் அளவு இல்லை. ஓவர்லோடு அரை ஓம் காட்டுகிறது. பின்களுக்கிடையே 14, 22, 36 ஓம். உடலோடு இணைப்பு இல்லை. 14-ம் 22-ம் சேர்ந்தால் 36 என்பதால் வைண்டிங் அறுந்துபோகவில்லை. இங்கே மாற்ற வேண்டியது ரிலேயை மட்டும். அதே எண்ணுள்ள ரிலேயைச் செருகி, மூடியைப் போட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஆறிய ரிலே சரியான அளவைக் காட்டினாலும் சூட்டில் தவறு செய்யலாம். அதே எண்ணுள்ள புது ரிலேயை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். புது ரிலே போட்டும் உறுமல் நிற்காவிட்டால், கம்ப்ரசர் உறுமும் நேரத்தில் வீட்டு மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும்; அது மிகவும் தாழ்ந்தால் நல்ல மோட்டாரும் கிளம்பாது. கரன்ட் போய் உடனே வந்தாலும் வாயு அழுத்தம் சமமாகாததாலும் ரிலே ஆறாததாலும் ஓரிரு முறை 'கிளிக்' கேட்கலாம். ஐந்து நிமிடம் அணைத்துவைத்தால் சரியாகிவிடும். இவை எதுவும் இல்லையென்றால், கம்ப்ரசரே உள்ளே இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். ஓவர்லோடை நீக்கிவிட்டு நேரடியாக இணைத்து ஓட்டிப் பார்ப்பது வைண்டிங்கை எரித்துவிடும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர்களை எலக்ட்ரானிக் போர்டு இயக்குவதால், இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.