எதை டிக் செய்வது?

‘இரவுப் பணியில் சோர்வும் தலைவலியும் வருகிறதா?’ செவிலியர் ஆய்வில் இப்படிக் கேட்டால், சோர்வு மட்டும் உள்ளவர் எதை டிக் செய்வார்? கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பதில்களில் ‘அடிக்கடி’ என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ‘கடந்த 5 இரவுகளில் எத்தனை இரவு?’ என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்.

அடுத்து, கேள்வி ஆய்வுக்குப் பொருந்துகிறதா என்று 10 வல்லுநர்கள் 1 முதல் 4 வரை மதிப்பிடுகிறார்கள். எட்டுப் பேர் 3 அல்லது 4 கொடுத்தால் மதிப்பு 0.80, கேள்வி தேறும். ஆறு பேர் என்றால் 0.60, திருத்தியாக வேண்டும்.

நம்பகத்தன்மைக்குக் குரோன்பாக் ஆல்ஃபா 0.70-ஐத் தொட வேண்டும் என்பார்கள். ஆனால் ஒரே கேள்வியைச் சொல் மாற்றி நான்கு முறை கேட்டாலும் ஆல்ஃபா உயரும்!

முன்னோட்டத்தில் பலர் ஒரே கேள்வியை வெற்றாக விட்டால், காரணத்தை அவர்களிடமே கேட்க வேண்டும். அந்தப் பதில்கள் முதன்மை ஆய்வில் சேராது.