ஒன்பது எண்களில் எதை நம்புவது?

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. வரிசைப் புள்ளியியல் வடிகட்டி இந்த எண்களின் மேல் மூன்றுக்கு மூன்று அளவுள்ள ஒரு சிறு சாளரத்தை நகர்த்துகிறது. சாளரத்துக்குள் வரும் ஒன்பது எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, அந்த வரிசையிலிருந்து ஒரு விடையைத் தேர்ந்து, புதிய படத்தில் நடுப் பிக்சலின் இடத்தில் எழுதுகிறது. வரிசையின் எந்த இடத்தை நம்புவது என்பதில்தான் ஒரு வடிகட்டிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு.

உண்மையில் 100-ஐ ஒட்டிய ஒளி அளவுள்ள ஒரு சுவர்ப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு பிக்சல் மட்டும் பழுதாகி வெளுத்துவிட்டது. அடுக்கிய வரிசை: 97, 98, 99, 100, 101, 102, 103, 104, 255. சாதாரணச் சராசரி ஏறத்தாழ 118. ஒரே ஒரு பொய் எண் மற்ற எட்டையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. சிறும வடிகட்டி 97 என்கிறது, பெரும வடிகட்டி 255 என்கிறது. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவை எடுக்கும் நடுப்புள்ளி வடிகட்டி 176 என்கிறது. எல்லாவற்றிலும் தலையிட்டுச் சமரசம் செய்யப் போனவர் சொன்ன தீர்ப்பு போல, அது இரு தரப்புக்கும் பொருந்தவில்லை.

இப்படி ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருப்பதை உப்பு இரைச்சல் என்பார்கள். கறுப்புப் புள்ளிகள் என்றால் மிளகு இரைச்சல். உப்பு எப்போதும் வரிசையின் கடைசியில் போய் நிற்பதால், முதல் எண்ணை எடுக்கும் சிறும வடிகட்டி அதைத் தொடுவதே இல்லை. பத்துக்கு ஒரு பிக்சல் வெளுத்திருந்தாலும் அது ஏமாற, ஒன்பதும் ஒருசேர வெளுத்திருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு 100 கோடியில் ஒன்று. அதே படத்தில் தவறுதலாகப் பெரும வடிகட்டியைப் போட்டால், நூறு சாளரங்களில் சுமார் 61-இல் ஒரு வெள்ளைப் புள்ளியாவது அகப்படும். தனிப் புள்ளி ஒவ்வொன்றும் ஒன்பது பிக்சல் வெள்ளைக் கட்டமாக ஊதிப்போகும். புள்ளிகள் சதுரங்களாகத் தெரிந்தால், வடிகட்டி மாறிப் போயிற்று என்று அறியலாம்.

மிளகுக்குப் பெரும வடிகட்டி. ஆனால் இரண்டுமே விலை கேட்கும். வருடியெடுத்த பழைய தாளில் கறுப்புப் பொட்டுகளை நீக்கப் பெரும வடிகட்டியைச் செலுத்தினால் எழுத்துகளும் இளைக்கும். மூன்று பிக்சல் அகலக் கோடு ஒரு பிக்சலாகும்; இரண்டு பிக்சல் அகலமானது காணாமலே போகும். அடுத்து சிறும வடிகட்டியைச் செலுத்தினால் எஞ்சிய கோடுகள் பழைய அகலத்துக்குத் திரும்பும், ஆனால் அழிந்தவை திரும்பா.

நடுப்புள்ளி வடிகட்டி வேறொரு வகை இரைச்சலுக்கானது. சில படங்களில் ஒவ்வொரு பிக்சலும், உண்மை மதிப்பிலிருந்து கூடவோ குறையவோ, ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் சமவாய்ப்புடன் தவறுகிறது. இது சீரான பரவல். இங்கே ஓரத்து எண்கள் பொய்யர்கள் அல்ல, எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டும் சாட்சிகள். இரு எல்லைகளின் நடுவே உண்மை இருக்கும். ஒன்பது எண்களில் இந்த நடுவின் சிதறல் அளவு, சாதாரணச் சராசரியுடையதில் பாதிக்கும் குறைவு. காஸியன் இரைச்சலுக்கும் இதைப் பாடநூல்கள் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் அங்கே எண்கள் நடுவில் குவிவதால் சராசரியே மேல்.

உண்மைப் படங்களில் காஸியனும் உப்பு மிளகும் சேர்ந்தே வரும். அதற்குத்தான் ஆல்ஃபா கத்தரிப்புச் சராசரி: வரிசையின் இரு முனைகளிலும் சம எண்ணிக்கையைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் சராசரியை எடுப்பது. உயரத்திலிருந்து நீரில் பாயும் போட்டியில் ஏழு நடுவர்கள் இருந்தால், மேலே இரண்டும் கீழே இரண்டுமான மதிப்பெண்களை நீக்கி நடு மூன்றைக் கொள்வது இதே உபாயம்தான். மேற்கண்ட வரிசையில் 97-ஐயும் 255-ஐயும் தள்ளினால் மிச்ச ஏழின் சராசரி 101.

எத்தனை தள்ளுவது? ஒன்றும் தள்ளாவிட்டால் அது சாதாரணச் சராசரி. நான்கு நான்காகத் தள்ளினால் நடு எண் மட்டும் மிஞ்சி இடைநிலை வடிகட்டியாகிவிடும். சுவர்ப் பகுதியில் இரண்டு பிக்சல்கள் வெளுத்து, வரிசை 97 முதல் 103 வரையும் இரண்டு 255-மாக இருந்தால், முனைக்கு ஒன்று தள்ளுவது போதாது. விடை 123-ஐ நெருங்கும். முனைக்கு இரண்டு தள்ளினால் 101.

இரைச்சலின் வகையை அறிய, படத்தில் ஒளி மாறாத ஒரு திட்டை, வானத்தையோ வெற்றுச் சுவரையோ, தேர்ந்து அதன் எண்களின் பரவல் வரைபடம் பார்ப்பார்கள். 255-இல் தனித் தூண் எழுந்தால் உப்பு, 0-இல் எழுந்தால் மிளகு. மேசை போலத் தட்டையாக இருந்தால் சீரான இரைச்சல். மணி வடிவம் காஸியன். மணியும் தூண்களும் சேர்ந்தே தெரிந்தால், தூண்களின் உயரத்தைப் பார்த்துக் கத்தரிப்பின் அளவு முடிவாகும்.